தொகைசார் பண்புக் கணக்குகள்: அலகை முதல் வரியிலிருந்தே கூட்டிக்கொண்டு போவது

கரைசல்கள் பாடத்தில் சூத்திரங்கள் அதிகம் இல்லை. கொதிநிலை ஏற்றம், உறைநிலைத் தாழ்வு, ஆவி அழுத்தக் குறைவு, சவ்வூடு பரவல் அழுத்தம் என்று நான்கு பண்புகள், நான்கு சிறிய சமன்பாடுகள். மாநிலப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பிலும், சிபிஎஸ்இயில் பன்னிரண்டாம் வகுப்பிலும் வருகிறது. சூத்திரம் மனப்பாடமாக இருந்தும் இந்தப் பகுதியில் மதிப்பெண் போகிறது. விடைத்தாளைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கிராம் இருக்க வேண்டிய இடத்தில் கிலோகிராம், கரைப்பான் இருக்க வேண்டிய இடத்தில் கரைசல், பார் இருக்க வேண்டிய இடத்தில் பாஸ்கல். வேதியியல் சரியாக இருக்கிறது, அலகு வழியில் எங்கோ தொலைந்துவிட்டது.

அதனால் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கரைசலை எடுத்துக்கொண்டு நான்கு பண்புகளையும் அதற்கே கணக்கிடுவோம். ஒவ்வொரு வரியிலும் எண்ணோடு அதன் அலகையும் எழுதுவோம். அப்புறம் திருப்பிப் போட்டு, பண்பிலிருந்து மோலார் நிறையைக் கண்டுபிடிப்போம். தேர்வில் அதிகம் வருவது அந்தத் திருப்பிப் போட்ட கணக்குதான்.

முதலில் அடிப்படை. ஒரு திரவத்தில் ஆவியாகாத ஒரு பொருளைக் கரைத்தால் அதன் ஆவி அழுத்தம் குறைகிறது. அதன் விளைவாகக் கொதிநிலை கொஞ்சம் ஏறுகிறது, உறைநிலை கொஞ்சம் இறங்குகிறது. இந்த மாற்றத்தின் அளவு கரைந்த பொருள் சர்க்கரையா யூரியாவா என்பதைப் பொறுத்தது அல்ல. எத்தனை துகள்கள் கரைந்திருக்கின்றன என்பதை மட்டுமே பொறுத்தது. தொகைசார் பண்பு என்றால் இதுதான். துகள்களை எண்ணும் அலகு மோல். ஆகவே எந்தக் கணக்கிலும் முதல் வேலை கரைபொருளின் கிராமை மோலாக மாற்றுவது.

அடுத்து வருவதுதான் சிக்கலான இடம்: எத்தனை மோல் என்று தெரிந்துவிட்டது, ஆனால் எதில் எத்தனை மோல்? மோலாரிட்டி என்பது ஒரு லிட்டர் கரைசலில் உள்ள மோல்கள். மோலாலிட்டி என்பது ஒரு கிலோகிராம் கரைப்பானில் உள்ள மோல்கள். மோல் பின்னம் என்பது மொத்த மோல்களில் கரைபொருளின் பங்கு, அதற்கு அலகே இல்லை. மூன்றிலும் மேலே இருப்பது ஒன்றே, கீழே இருப்பதுதான் வேறுபடுகிறது. கீழே கரைசலா, கரைப்பானா? கன அளவா, நிறையா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதாமல் வகுக்கத் தொடங்கக் கூடாது.

நீர்த்த நீர்க்கரைசலில் மோலாரிட்டியும் மோலாலிட்டியும் ஏறக்குறைய ஒரே எண்ணாக வரும். அதனால் இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் மனதில் ஒட்டிக்கொள்கிறது. அதை உடைக்க ஒரு எடுத்துக்காட்டு போதும். ஆய்வகத்தில் இருக்கும் அடர் கந்தக அமிலம் நிறைப்படி 98 சதவீதம், அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.84 கிராம். ஒரு லிட்டரை எடுத்தால் அதன் நிறை 1840 கிராம். அதில் அமிலம் 1803 கிராம், நீர் வெறும் 36.8 கிராம். அமிலத்தின் மோலார் நிறை 98, எனவே 18.4 மோல்.

மோலாரிட்டி = 18.4 mol ÷ 1 L = 18.4 mol/L
மோலாலிட்டி = 18.4 mol ÷ 0.0368 kg = 500 mol/kg

ஒரே புட்டி, ஒரே அமிலம். ஒரு எண் 18.4, இன்னொன்று 500. கீழே என்ன வைக்கிறோம் என்பது அவ்வளவு முக்கியம். இவ்வளவு அடர்வான கரைசலுக்குத் தொகைசார் பண்புச் சூத்திரங்கள் பொருந்தாது, அவை நீர்த்த கரைசல்களுக்கானவை. செறிவு அலகுகளுக்கு இடையிலுள்ள தூரத்தைக் காட்டத்தான் இதை எடுத்தேன்.

இனி நம் கரைசலுக்கு வருவோம். 18 கிராம் குளுக்கோஸை 250 கிராம் நீரில் கரைக்கிறோம். குளுக்கோஸின் மோலார் நிறை 180.

கரைபொருளின் மோல் = 18 g ÷ 180 g mol⁻¹ = 0.1 mol
கரைப்பானின் நிறை = 250 g = 0.250 kg
மோலாலிட்டி, m = 0.1 mol ÷ 0.250 kg = 0.4 mol kg⁻¹

இங்கே 250ஐ உடனே 0.250 கிலோகிராம் என்று எழுதியதைக் கவனியுங்கள். பல பாடநூல்களில் சூத்திரத்தின் மேலே ஒரு 1000 இருக்கும். அந்த 1000 வேறு ஒன்றும் இல்லை, கிராமைக் கிலோகிராமாக மாற்றும் எண்தான். சிலர் 250ஐ 0.250 ஆக மாற்றிவிட்டு, பழக்கத்தில் மேலே 1000ஐயும் போட்டுவிடுகிறார்கள். ஒரே மாற்றம் இரண்டு முறை நடந்துவிடும், விடை ஆயிரம் மடங்கு பெரிதாகிவிடும். இரண்டில் ஒரு வழியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் பரிந்துரை 1000ஐ மறந்துவிட்டு, நிறையைக் கிலோகிராமில் எழுதுவது. அப்படிச் செய்தால் அலகே உங்களுக்கு வழிகாட்டும்.

இன்னொரு வழுக்கல். கேள்வியில் "250 கிராம் நீரில்" என்பதற்குப் பதிலாக "268 கிராம் கரைசலில் 18 கிராம் குளுக்கோஸ் உள்ளது" என்று கொடுத்திருக்கலாம். கரைசல் அதேதான். ஆனால் அவசரத்தில் 0.268 கிலோகிராமால் வகுத்தால் 0.373 என்று வரும், சரியான 0.4 வராது. நுழைவுத் தேர்வின் நான்கு விருப்ப விடைகளில் இப்படிக் கிடைக்கும் தவறான எண்ணும் ஒன்றாக இருக்க வாய்ப்புண்டு. விருப்ப விடைகளில் நம் எண் இருக்கிறது என்பதாலேயே அது சரி என்று நம்பிவிட வேண்டாம்.

உறைநிலைத் தாழ்வுக்கு நீரின் மாறிலி 1.86. இந்த எண்ணின் அலகைச் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்: K kg mol⁻¹. மோலாலிட்டியின் அலகோடு பெருக்கினால் கிலோகிராமும் மோலும் அடிபட்டு கெல்வின் மட்டும் மிஞ்சும்.

ΔTf = Kf × m
ΔTf = 1.86 K kg mol⁻¹ × 0.4 mol kg⁻¹ = 0.744 K

அலகு தன்னால் அடிபடுவதுதான் நாம் சரியான செறிவைப் போட்டோம் என்பதற்குச் சாட்சி. இங்கே மோலாரிட்டியைப் போட்டிருந்தால் அலகு K kg L⁻¹ என்று அரைகுறையாக நின்றிருக்கும். அந்த இடத்திலேயே பேனாவை நிறுத்தித் திரும்பிப் பார்க்கலாம். எண்களை மட்டும் எழுதுபவருக்கு இந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை.

கொதிநிலைக்கும் இதே முறைதான், மாறிலி மட்டும் 0.52 K kg mol⁻¹.

ΔTb = 0.52 K kg mol⁻¹ × 0.4 mol kg⁻¹ = 0.208 K

இப்போது வெப்பநிலை பற்றி ஒரு வார்த்தை. நாம் கண்டது வெப்பநிலை அல்ல, இரண்டு வெப்பநிலைகளுக்கு இடையிலுள்ள வித்தியாசம். வித்தியாசத்தைப் பொறுத்தவரை ஒரு கெல்வினும் ஒரு டிகிரி செல்சியஸும் ஒரே அளவுதான். ஆகவே 0.744 கெல்வின் தாழ்வு என்பது 0.744 டிகிரி செல்சியஸ் தாழ்வே. இதோடு 273ஐக் கூட்டக் கூடாது. "எல்லா வெப்பநிலையையும் கெல்வினுக்கு மாற்று" என்று சொல்லிச் சொல்லிப் பழகியதால், 273.744 என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. கேள்வி உறைநிலையைக் கேட்டால் மட்டும் கடைசியில் ஒரு படி: 0 − 0.744 = −0.744 °C. கெல்வினில் வேண்டுமென்றால் 273.15 − 0.744 = 272.406 K. கொதிநிலை 100.208 °C. உறைநிலையில் கழிக்க வேண்டும், கொதிநிலையில் கூட்ட வேண்டும். கேட்டது "தாழ்வு" என்றால் 0.744, "உறைநிலை" என்றால் −0.744. இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் முழுக் கணக்கையும் சரியாகப் போட்டு மதிப்பெண்ணை இழக்க நேரிடும்.

மாறிலியைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுவது வழக்கம். ஆனால் சில சமயம் உருகுதல் வெப்பத்தைக் கொடுத்து, மாறிலியையே கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அலகுப் பழக்கம் இருப்பவருக்கு அது எளிது, இல்லாதவருக்கு அதுதான் மிகவும் ஆபத்தான கணக்கு. நீரின் மோலார் உருகுதல் வெப்பம் 6.01 கிலோஜூல். வாயு மாறிலி ஜூலில் இருக்கிறது. எனவே முதலில் 6.01 கிலோஜூலை 6010 ஜூலாக மாற்றுகிறோம். நீரின் மோலார் நிறையையும் 18 கிராம் என்று விடாமல் 0.018 கிலோகிராம் ஆக்குகிறோம்.

Kf = R × M₁ × Tf² ÷ ΔHfus
Kf = 8.314 J K⁻¹ mol⁻¹ × 0.018 kg mol⁻¹ × (273 K)² ÷ 6010 J mol⁻¹
Kf = 1.86 K kg mol⁻¹

ஜூல் அடிபடுகிறது, ஒரு கெல்வின் போய் ஒரு கெல்வின் நிற்கிறது, மேலே கிலோகிராம், கீழே மோல். நமக்குத் தெரிந்த அலகே வந்து சேர்கிறது. கிலோஜூலை மாற்ற மறந்தால் 1860 வரும். ஒரு மோலால் கரைசல் 1860 டிகிரி கீழே உறையும் என்று அதற்குப் பொருள். தனிச்சுழி வெப்பநிலையே −273 டிகிரிதான், எனவே அந்த எண் இருக்கவே முடியாது. வெப்பநிலையைப் பற்றி மேலே சொன்னதன் மறுபக்கமும் இங்கே தெரிகிறது. இந்தச் சூத்திரத்தில் இருப்பது வித்தியாசம் அல்ல, உண்மையான வெப்பநிலை. அதனால் கெல்வின் கட்டாயம். செல்சியஸில் போட்டால் நீரின் உறைநிலை பூஜ்ஜியம், அதன் வர்க்கமும் பூஜ்ஜியம், மாறிலியே பூஜ்ஜியம் ஆகிவிடும்.

சரி, மூன்றாவது பண்பு. ஆவி அழுத்தக் குறைவை விரைவாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இதில் அலகுத் தொல்லை குறைவு. பிரெஞ்சு வேதியியலாளர் ரவுல்ட் கண்ட உறவின்படி, ஆவி அழுத்தம் எந்தப் பின்ன அளவுக்குக் குறைகிறதோ அது கரைபொருளின் மோல் பின்னத்துக்குச் சமம். நம் கரைசலில் நீர் 250 ÷ 18 = 13.889 மோல், குளுக்கோஸ் 0.1 மோல்.

x₂ = 0.1 mol ÷ (13.889 + 0.1) mol = 0.00715

25 டிகிரி செல்சியஸில் தூய நீரின் ஆவி அழுத்தம் 23.8 மில்லிமீட்டர் பாதரசம். குறைவு 23.8 × 0.00715 = 0.170 மில்லிமீட்டர். ஆவி அழுத்தத்தை எந்த அலகில் கொடுத்தாலும் விடை அதே அலகில் வரும், மாற்ற வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இங்கே இரண்டு பொருள்களும் மோலில் இருக்க வேண்டும். குளுக்கோஸை மோலாகவும் நீரைக் கிராமாகவும் வைத்து 0.1 ÷ 250 என்று வகுப்பது அடிக்கடி கண்ணில் படும் தவறு. கீழே நீரின் மோலை மட்டும் வைத்து 0.1 ÷ 13.889 என்று போட்டால் 0.0072 கிடைக்கும். நீர்த்த கரைசலுக்கு அது ஏற்றுக்கொள்ளக்கூடிய தோராயம்தான். ஆனால் கரைபொருள் அதிகமாக இருந்தால் முழு வடிவத்தையே பயன்படுத்த வேண்டும்.

நான்காவது பண்புதான் அலகுகள் ஒன்றோடொன்று மோதும் இடம். சவ்வூடு பரவல் அழுத்தத்துக்கு வாண்ட் ஹாஃப் தந்த சமன்பாடு வாயுச் சமன்பாட்டைப் போலவே இருக்கும். 1901இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது, பரிசுக் குறிப்பில் சவ்வூடு பரவல் அழுத்தம் பற்றிய இந்த வேலையும் இடம்பெற்றிருந்தது.

π = C R T

இங்கே C என்பது மோலாரிட்டி, அதாவது ஒரு லிட்டர் கரைசலுக்கு. இதுவரை நாம் வைத்திருந்தது ஒரு கிலோகிராம் நீருக்கான 0.4. அதை அப்படியே போட முடியாது. நிறையிலிருந்து கன அளவுக்குப் போக அடர்த்தி வேண்டும், அதுவும் கரைசலின் அடர்த்தி. கேள்வியில் அது மில்லிலிட்டருக்கு 1.025 கிராம் என்று கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

கரைசலின் நிறை = 250 g + 18 g = 268 g
கரைசலின் கன அளவு = 268 g ÷ 1.025 g mL⁻¹ = 261.5 mL = 0.2615 L
C = 0.1 mol ÷ 0.2615 L = 0.3825 mol L⁻¹

மோலாலிட்டி கணக்கில் 268ஐப் பயன்படுத்தினால் தவறு என்றேன். இங்கே 268ஐப் பயன்படுத்தாவிட்டால் தவறு. முதலில் எழுதிய அந்தக் கேள்வி, கீழே கரைசலா கரைப்பானா என்பது, இரண்டு இடத்திலும் நேர் எதிரான பதிலைத் தருகிறது. அடர்த்தியைக் கேள்வியில் கொடுத்திருந்தால், கன அளவுக்கும் நிறைக்கும் இடையில் எங்கோ ஒரு மாற்றம் தேவைப்படுகிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி.

அடுத்து வெப்பநிலை. இதுவும் வித்தியாசம் அல்ல, எனவே கெல்வின்தான். 27 டிகிரி செல்சியஸ் என்றால் 300 கெல்வின். அதன் பிறகு வாயு மாறிலி. ஒரே மாறிலிக்கு மூன்று எண்கள் புழக்கத்தில் இருக்கின்றன. எதை எடுப்பது என்பதை விடையில் எந்த அழுத்த அலகு வேண்டும் என்பதே தீர்மானிக்கும். லிட்டரும் அட்மாஸ்பியரும் என்றால் 0.0821. லிட்டரும் பாரும் என்றால் 0.08314, சில நூல்களில் 0.083. கன மீட்டரும் பாஸ்கலும் என்றால் 8.314. மூன்றிலும் நம் கரைசலைப் போட்டுப் பார்ப்போம்.

π = 0.3825 mol L⁻¹ × 0.0821 L atm K⁻¹ mol⁻¹ × 300 K = 9.42 atm
π = 0.3825 mol L⁻¹ × 0.08314 L bar K⁻¹ mol⁻¹ × 300 K = 9.54 bar
π = 382.5 mol m⁻³ × 8.314 Pa m³ K⁻¹ mol⁻¹ × 300 K = 9.54 × 10⁵ Pa

மூன்றும் ஒரே அழுத்தம்தான். மூன்றாவது வரியில் செறிவு 382.5 ஆகிவிட்டதைப் பாருங்கள். ஒரு கன மீட்டரில் ஆயிரம் லிட்டர் இருப்பதால் அந்த மாற்றம். 8.314ஐ எடுத்துக்கொண்டு செறிவை மோல் லிட்டரிலேயே விட்டுவிட்டால் 954 என்ற எண் வரும், அதற்கு அருகில் பலர் கண்ணை மூடிக்கொண்டு அட்மாஸ்பியர் என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது கிலோபாஸ்கல். அலகை வரிக்கு வரி எழுதியிருந்தால் J L⁻¹ என்று நின்று, ஏதோ ஒன்று மாறவில்லை என்று காட்டிக்கொடுத்திருக்கும்.

உறைநிலையும் கொதிநிலையும் ஏன் மோலாலிட்டியைக் கேட்கின்றன, இது மட்டும் ஏன் மோலாரிட்டியைக் கேட்கிறது? முதல் மூன்று பண்புகளுக்கும் வேர் மோல் பின்னம்தான். நீர்த்த கரைசலில் மோல் பின்னம் மோலாலிட்டிக்கு நேர் விகிதத்தில் இருக்கும், ஏனென்றால் ஒரு கிலோகிராம் நீர் என்பது எப்போதும் 55.5 மோல் நீர். அதோடு இன்னொரு வசதியும் உண்டு. உறைநிலையிலிருந்து கொதிநிலை வரை வெப்பநிலை மாறும்போது கரைசல் விரிந்து சுருங்கும், மோலாரிட்டியும் மாறும். நிறை மாறாது, அதனால் மோலாலிட்டியும் மாறாது. சவ்வூடு பரவல் அழுத்தமோ ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் அளக்கப்படுவது. அங்கே கன அளவை நம்பலாம்.

இனி திருப்பிப் போடுவோம். ஆய்வகத்தில் இந்தப் பண்புகளின் பெரிய பயன், தெரியாத பொருளின் மோலார் நிறையைக் கண்டுபிடிப்பதுதான். கேள்வி இப்படி: ஒரு கரிமப் பொருள் 1.28 கிராம், 50 கிராம் பென்சீனில் கரைக்கப்படுகிறது. உறைநிலை 1.024 கெல்வின் இறங்குகிறது. பென்சீனின் மாறிலி 5.12 K kg mol⁻¹. மோலார் நிறை என்ன?

நீண்ட சூத்திரத்தைத் தேட வேண்டாம். மூன்று சிறிய படிகளில் போகலாம்.

m = ΔTf ÷ Kf = 1.024 K ÷ 5.12 K kg mol⁻¹ = 0.2 mol kg⁻¹
மோல் = 0.2 mol kg⁻¹ × 0.050 kg = 0.01 mol
மோலார் நிறை = 1.28 g ÷ 0.01 mol = 128 g mol⁻¹

128 என்பது நாஃப்தலீனின் மோலார் நிறை, அலமாரியில் போடும் பாச்சா உருண்டைகளில் பயன்படும் பொருள். ஒவ்வொரு படியிலும் என்ன கண்டுபிடித்தோம் என்பது தெளிவாக இருப்பதால், இடையில் பிழை வந்தாலும் எந்தப் படியில் என்று சொல்ல முடியும். தேர்வில் படிகளுக்கு மதிப்பெண் உண்டு என்பது கூடுதல் லாபம்.

50 கிராமைக் கிலோகிராமாக மாற்ற மறந்தால் என்ன ஆகும்? இரண்டாம் படியில் 10 மோல் என்று வரும், மோலார் நிறை 0.128 என்று வரும். இந்த எண்ணைப் பார்த்ததும் சந்தேகம் வர வேண்டும். இருப்பதிலேயே இலேசான மூலக்கூறான ஹைட்ரஜனுக்கே மோலார் நிறை 2. அதற்குக் கீழே எந்த மூலக்கூறும் இல்லை. கரிமப் பொருள் என்றால் பெரும்பாலும் சில பத்துகளிலிருந்து சில நூறுகள் வரை எதிர்பார்க்கலாம். விடை 0.128 என்றோ 1,28,000 என்றோ வந்தால், ஆயிரம் மடங்கு எங்கோ நழுவியிருக்கிறது. அப்போது தேட வேண்டியது ஒரு கிராம்–கிலோகிராம் அல்லது மில்லிலிட்டர்–லிட்டர் மாற்றத்தைத்தான்.

ஆனால் பெரிய எண் எல்லாம் பிழை அல்ல. புரதங்களின் மோலார் நிறை உண்மையிலேயே பல ஆயிரங்களில் இருக்கும். அவற்றுக்குச் சவ்வூடு பரவல் அழுத்தமே ஏற்ற வழி. 1.29 கிராம் ஹீமோகுளோபின், 200 மில்லிலிட்டர் கரைசலில், 300 கெல்வினில் 1.87 மில்லிமீட்டர் பாதரசம் அளவு அழுத்தம் காட்டுகிறது என்று கணக்கு. மூன்று அலகுகளையும் முதலில் ஒரே குடும்பத்துக்குக் கொண்டு வருகிறோம்: லிட்டர், அட்மாஸ்பியர், கெல்வின்.

π = 1.87 mm Hg ÷ 760 mm Hg atm⁻¹ = 2.46 × 10⁻³ atm
V = 200 mL = 0.200 L
C = π ÷ (R T) = 2.46 × 10⁻³ atm ÷ (0.0821 L atm K⁻¹ mol⁻¹ × 300 K) = 1.0 × 10⁻⁴ mol L⁻¹
மோல் = 1.0 × 10⁻⁴ mol L⁻¹ × 0.200 L = 2.0 × 10⁻⁵ mol
மோலார் நிறை = 1.29 g ÷ (2.0 × 10⁻⁵ mol) = 64,500 g mol⁻¹

இதே கரைசலின் உறைநிலைத் தாழ்வு எவ்வளவு இருக்கும்? இவ்வளவு நீர்த்த நீர்க்கரைசலில் மோலாலிட்டியும் ஏறக்குறைய 10⁻⁴தான். 1.86ஆல் பெருக்கினால் 0.000186 கெல்வின். சாதாரண வெப்பமானியில் இது தெரியவே தெரியாது. 1.87 மில்லிமீட்டர் பாதரசமோ நீர்த் தூணாக அளந்தால் 25 மில்லிமீட்டர் உயரம், அளவுகோலை வைத்தே பார்த்துவிடலாம். பெரிய மூலக்கூறுகளுக்கு ஏன் இந்த முறை என்ற கேள்விக்கு இரண்டு மதிப்பெண் விடை இந்த இரண்டு எண்களுக்குள்ளேயே இருக்கிறது.

கடைசியாக, அலகே இல்லாத ஒரு எண் எல்லாவற்றையும் மாற்றிவிடும்: வாண்ட் ஹாஃப் காரணி. குளுக்கோஸ் கரைந்தால் ஒரு மூலக்கூறு ஒரு துகளாகவே இருக்கிறது. சோடியம் குளோரைடு கரைந்தால் இரண்டு அயனிகளாகப் பிரிகிறது. பண்பு துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால் இரண்டால் பெருக்க வேண்டும். அலகு இல்லாததால் இதை மறந்தாலும் அலகுச் சரிபார்ப்பு காட்டிக்கொடுக்காது. இந்த ஒன்றுக்கு மட்டும் தனிக் கவனம் தேவை: கரைபொருள் உப்பா, அமிலமா, காரமா என்று கணக்கின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

மருத்துவமனையில் ஏற்றும் சலைன் புட்டியில் 0.9 சதவீதம் என்றும், குளுக்கோஸ் புட்டியில் 5 சதவீதம் என்றும் அச்சிட்டிருக்கும். இந்தச் சதவீதம் நிறைக்கு நிறை அல்ல, 100 மில்லிலிட்டர் கரைசலில் எத்தனை கிராம் என்பது. எனவே இங்கே அடர்த்தி தேவையில்லை, நேரே லிட்டருக்குப் போய்விடலாம். உப்பு லிட்டருக்கு 9 கிராம், குளுக்கோஸ் 50 கிராம்.

சலைன்: 9 g L⁻¹ ÷ 58.5 g mol⁻¹ = 0.154 mol L⁻¹
குளுக்கோஸ்: 50 g L⁻¹ ÷ 180 g mol⁻¹ = 0.278 mol L⁻¹

இரண்டையும் இரத்தத்தோடு ஏறக்குறைய ஒரே சவ்வூடு பரவல் அழுத்தம் உள்ளவை என்கிறார்கள். ஆனால் எண்கள் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வேறுபடுகின்றன. உப்பின் காரணியான இரண்டைச் சேர்த்தால் சலைனில் 0.308 மோல் துகள்கள். இப்போது 0.278க்கு அருகில் வந்துவிட்டது. உடல் வெப்பநிலையான 310 கெல்வினில் சலைனின் அழுத்தம் 0.308 × 0.0821 × 310 = 7.8 அட்மாஸ்பியர், குளுக்கோஸுக்கு 7.1. கேள்வியில் வெறும் "5 சதவீதக் கரைசல்" என்று மட்டும் இருந்தால் அது நிறைக்கு நிறையா, கன அளவுக்கு நிறையா என்று பாருங்கள். அடர்த்தி கொடுத்திருந்தால் பெரும்பாலும் நிறைக்கு நிறை.

காரணி ஒன்றுக்குக் கீழேயும் போகும். அசிட்டிக் அமிலத்தைப் பென்சீனில் கரைத்தால் இரண்டிரண்டு மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் இணைந்துகொள்கின்றன. துகள்கள் ஏறக்குறைய பாதியாகின்றன, உறைநிலைத் தாழ்வும் பாதியாகிறது. அந்தத் தாழ்வை வைத்து, மேலே நாஃப்தலீனுக்குச் செய்த அதே மூன்று படிகளில் போனால் மோலார் நிறை 60 வராது, 120க்கு அருகில் வரும். உங்கள் அலகுகள் ஒவ்வொரு வரியிலும் சரியாக அடிபட்டிருந்தால் அந்த 120ஐ அழிக்காதீர்கள். அதை அப்படியே எழுதி, அசிட்டிக் அமிலம் பென்சீனில் இருமமாக இருக்கிறது என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கேள்வி எதிர்பார்க்கும் விடை அதுதான்.